மூன்றாவது வரி

கம்பெனி பஸ்ஸில் காலையில் யாரும் பேசமாட்டார்கள். ராத்திரி முழுக்க ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று வந்தவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது? மத்திகிரியில் மாட்டுப் பண்ணைச் சுவர் முடிகிற இடத்தில் என்னை இறக்கிவிட்டு பஸ் பனிக்குள் போய்விடும். ஓசூர்ப் பனி எலும்பு வரைக்கும் போகும். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமாகியும் மார்கழிக் காலையில் சாணியும் ஈர வைக்கோலும் கலந்த அந்த வாசனையை மூக்கில் இழுத்தபடி நடக்கும்போது, எதற்கடா இங்கே வந்தோம் என்றுதான் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்து கேட்டைத் திறந்தேன். வெளிப்படிக்கட்டின் அடிப்படியில், குரங்குத் தொப்பியும் கம்பளியுமாக ராமப்பன் அய்யா உட்கார்ந்திருந்தார். மடியில் செல்போன். நான் குடியிருக்கும் மாடி அறைக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டமுடியாது.

"வந்துட்டியா பவளம். கதை ரெடி. ஒக்காரு."

"அய்யா, கண்ணு எரியுது. இன்னிக்கு ஒருநாள் விட்ருங்களேன்."

"புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்மா."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன பேசுவது? உட்கார்ந்துவிடுவேன்.

ராமப்பன் அய்யா பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் பாறை பிளந்து, பிறகு ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து, இந்த வீட்டைக் கட்டியவர். மனைவி ரங்கம்மா போய் இரண்டு வருஷம். ஒரே மகன் ஜெகதீஷ் டெக்சாஸில் இருக்கிறான். அவன் மனைவி நிர்மலா அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ். தர்ஷினிக்கு எட்டு வயது, ஆதவுக்கு ஐந்து. பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது, கண்ணால் படிக்கத் தெரியவே தெரியாது. தாத்தாவுக்கு இங்கிலீஷ் வராது. வீடியோ கால் போட்டால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு இரண்டு பக்கமும் முழிக்கும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தினம் ஒரு கதை எழுதி அனுப்புவது. நான் பி.ஏ. இங்கிலீஷ் என்று வாடகைக்கு வந்த அன்றைக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன். மாட்டிக்கொண்டேன்.

வேலை நடக்கிற விதம் இதுதான். விடியும் முன்பே எழுந்து, ஒற்றை விரலால் கதையை செல்போனில் தமிழில் தட்டி வைத்திருப்பார். நான் வந்ததும் அதை எனக்குச் சத்தமாகப் படிப்பார். படித்துக் கேட்டால்தான் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தணும் என்று தெரியுமாம். பிறகு எனக்கு அனுப்புவார். நான் அதற்குக் கீழே மூன்று நட்சத்திரம் போட்டு, எளிய இங்கிலீஷில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அவர் இரண்டையும் சேர்த்து அமெரிக்காவுக்கு அனுப்புவார். நமக்குக் காலை ஏழரை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு. கோடையில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பதால் ஆறரைக்கே கேட்கும், என் உயிர் போய்விடும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தாராளம்.

தமிழில் எழுதினதை இங்கிலீஷில் போடுவது என்ன பெரிய வித்தை என்று நானும் நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளை, ஐந்து வயதுத் தம்பிக்கு வாய்விட்டுப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அய்யா ஒரே மூச்சில் எழுதுவார்: எழுந்து, முகம் கழுவி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, கேழ்வரகுக் காட்டுக்குக் காவலுக்குப் போனான். நான் அதை ஐந்து வாக்கியமாக உடைப்பேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. He got up. He washed his face. இப்படி.

களி உருண்டையை முதல் தடவை ragi ball என்று எழுதித் தொலைத்தேன். அதைத் தரையில் தட்டினால் எவ்வளவு உயரம் எழும்பும் என்று ஆதவ் கேட்டானாம். அதிலிருந்து களியைக் களி என்றே விட்டு, மெத்தென்று இருக்கும், மெல்லாமல் விழுங்கணும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் அங்கிள் ஆக்கினால் யார் யாரென்றே தெரியாது. அதனால் அவர்களையும் அப்படியே விட்டேன். பலாப்பழம் தொபுக்கென்று விழுந்தால் இங்கிலீஷிலும் தொபுக்குதான். அது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜவளகிரிக் காட்டோரம் யானையை யாரும் பேர் சொல்லமாட்டார்கள். பெரியவர் வந்தார், பெரியவர் போனார் என்பார்கள். அந்த மரியாதையை இங்கிலீஷில் எங்கே வைப்பது? The Big One என்று வைத்தேன். ஜெகதீஷ் போட்ட கண்டிஷன் ஒன்று, சாவு கூடாது. அய்யா கதையில் யாராவது செத்தால் நான் அவர்களைத் தூரத்து ஊருக்கு அனுப்பிவைப்பேன்.

அப்புறம் அந்த 'ம்'.

கதை கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும் இல்லையா? நம் வீடுகளில் கேட்டு வளர்ந்ததுதான். ம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். அய்யா எழுதும்போதே நாலைந்து வாக்கியத்துக்கு ஒரு தடவை, தனி வரியில் 'ம்' என்று போட்டு இடம் விடுவார். நான் அந்த இடத்தில் Say mm என்று எழுதுவேன். தர்ஷினி அங்கே நிறுத்த, இரண்டு பேரும் ம் என்பார்கள்.

எனக்குப் படித்துக்காட்டும்போதும் அந்த இடங்களில் நிறுத்துவார். நான் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பேன். ம் என்று சத்தம் கேட்கும். அவரே போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். தூக்கக் கலக்கத்தில் வேறென்ன நினைப்பது?

கதை முடிவில் தினமும் ஒரே மூன்று வரிகள்.

சொன்னவங்க தூங்கியாச்சு.
கேட்டவங்க தூங்கியாச்சு.
ம் சொன்னவங்களும் தூங்கியாச்சு.

இதை நான் இப்படிப் போட்டேன்:

The teller sleeps. The listeners sleep.

கேட்டவர்களும் ம் சொன்னவர்களும் ஒரே ஆட்கள்தானே? இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னால் அசட்டுத்தனமாக இருந்தது. எளிமையாக இருக்கட்டும் என்று மூன்றாவதை விட்டேன். முதல் கதையிலேயே விட்டேன். அதற்கப்புறம் அந்தக் கடைசி வரிகளைத் திரும்ப எழுதுவதே இல்லை. பழைய மெசேஜிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவேன்.

நாலைந்து மாதம் ஒரு குறையும் இல்லை. நிர்மலா பகல் டூட்டியில் இருந்தாள். பிள்ளை இங்கிலீஷில் படித்து முடித்ததும், தமிழ் காதில் விழட்டுமே என்று மேலே இருக்கிற தமிழையும் ஒரு தடவை அவளே படித்துவிட்டு விளக்கை அணைப்பாள். பொங்கலுக்கு முன்னால் அவளுக்கும் என்னை மாதிரி ராத்திரி டூட்டி வந்தது. பிறகு இங்கிலீஷ் மட்டும்தான்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில், அய்யா கதை தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா என்னமோ பேசி அனுப்பியிருக்குது. எனக்குப் புரியல. போட்டுக் கேளு."

வாய்ஸ் மெசேஜ். தர்ஷினியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. நான் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னேன்.

"தாத்தா, கதை முடிஞ்ச பெறகும் ம் நிக்க மாட்டேங்குதுங்குறா. ஆதவ் தூங்கிட்டானாம். ஆனா அவன் கட்டில்லேர்ந்து ம் வருதாம். டார்ச் அடிச்சுப் பாத்தாளாம். அவன் வாய் மூடியிருக்காம்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். பிள்ளை பயப்படுகிறது, வேறென்ன. அய்யா சிரிக்கவில்லை.

"கதை முடிவுல நீ என்ன எழுதுற? அப்பிடியே தமிழ்ல சொல்லு."

"சொன்னவங்க தூங்குறாங்க. கேட்டவங்க தூங்குறாங்க."

"மூணாவது?"

"அய்யா, அது ரெண்டும் ஒன்னுதானே. கேக்குற புள்ளைகதானே ம் சொல்லுது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. குரங்குத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கிழ முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார்.

"ஒன்னு இல்லம்மா" என்றார். "ஒன்னா இருந்தா நான் எதுக்கு மூணு எழுதப்போறேன்?"

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். குவாரிக் கொட்டகையில் ஜெகதீஷ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அய்யா கதை சொல்வார், ரங்கம்மா பிள்ளையை அணைத்துப் படுத்திருப்பார். ஒருநாள் ரங்கம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாராம். 'நான் ம் சொல்லல. புள்ளை தூங்கிருச்சு. அப்ப யாரு சொல்றது?' இருட்டில் இருவரும் மூச்சுக் காட்டாமல் படுத்திருந்திருக்கிறார்கள். கதை நின்றதும் அதுவே ம் என்று கேட்டிருக்கிறது. மேலே சொல்லு என்கிற மாதிரி. விடியும்வரை.

"அந்தப் பாறை மேல இருந்ததோ, உள்ள இருந்ததோ, யாருக்குத் தெரியும். அடுத்த நாளு ரங்கம்மாதான் சொன்னா, புள்ளைய தூங்க வைக்கிறோமே, அதையும் தூங்க வச்சா என்னன்னு. அந்த வரி அவ போட்டது. சொன்னதும் நின்னுருச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளும் அந்த வரிய நாங்க விட்டதில்ல."

"இத்தன வருஷமா?"

"பையன் பெரியவனாயிட்டான். கதை நின்னுச்சு, அதுவும் தூங்கிருச்சு. இப்ப நான் திரும்ப ஆரம்பிச்சேன், அதுவும் எந்திரிச்சுருச்சு."

தினமும் காலையில் அவர் கதை படிக்கையில் நான் கேட்ட ம் நினைவுக்கு வந்தது. முந்தாநாள் அந்த ம் வந்தபோது அவர் காபி டம்ளரை வாயில் வைத்திருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"தெரிஞ்சுமா புள்ளைகளுக்கு அனுப்புனீக? முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எழுதியிருப்பியா? ஜெகதீஷுக்கு தெரிஞ்சா நிறுத்திருவான். அதுங்களுக்கு என்கிட்டருந்து வேற என்னம்மா இருக்குது?" தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வரி இருக்குதேன்னு நம்பினேன். வரி இருந்தா அது ஒன்னும் பண்ணாது."

கம்பெனியில் நான் பார்க்கிறது தர சோதனை வேலை. குறை இருக்கிற பாகத்தைத் தனியாக எடுத்துப் போடுவேன். நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

அவர் மகனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். எங்களுக்குச் சூரியன் பனியைக் கிழித்துக்கொண்டிருந்தது. பண்ணைப் பக்கம் பால் வண்டி போனது. அந்தப் பக்கம் பிள்ளைகள் படுத்தாகிவிட்டது, ஜெகதீஷ் மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, மீட்டிங் இருக்கு. என்ன இப்ப?"

"புள்ளைங்க ரூமுக்கு ஒருதரம் போய்ப் பாருப்பா."

"தர்ஷு எதாச்சும் அனுப்புனாளா? ரெண்டு நாளா இதே பேச்சு. அவளுக்குத் தூக்கமே இல்ல, எனக்கும் இல்ல, நிர்மலாவுக்கும் இல்ல. கதைய கொஞ்ச நாள் நிறுத்துங்கப்பா."

"நிறுத்திறலாம். இப்ப போய்ப் பாரு."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. செருப்புச் சத்தம் மரத் தரையில் நடந்தது. ஒரு கதவு மெல்லத் திறந்தது. அவன் குரல் கிசுகிசுப்பாக மாறியது.

"ரெண்டு பேரும் தூங்குறாங்கப்பா. எல்லாம் நல்லா இருக்காங்க."

"ம்."

எனக்கு முதலில் அய்யா சொன்னதாகத்தான் பட்டது. அவரைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்களா?" என்றான் ஜெகதீஷ்.

"இல்லப்பா."

"ஆதவ் வாயத் தொறக்கல. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"ம்."

அது பிள்ளைக் குரல் இல்லை. பெரிய ஆள் குரலும் இல்லை. கதையில் ஆசை வைத்த ஒரு குரல்.

"அப்பா." ஜெகதீஷ் மிகவும் மெல்லக் கூப்பிட்டான். நாற்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி. "கொட்டாய்ல கேக்குமே. அதுவா இது?"

அவனுக்கு நினைவிருக்கிறது. இத்தனை வருஷம் நினைவில் வைத்துக்கொண்டு, கனவு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அம்மா சொல்ற வரி இருக்குதுல்ல, அதச் சொல்லு" என்றார் அய்யா.

ஜெகதீஷ் சொன்னான். தமிழில், மூன்று வரியும், தடுமாறாமல். ரங்கம்மாவின் குரல் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்திருக்க வேண்டும், அய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

காத்திருந்தோம்.

"ம்."

"நிக்கலப்பா. தர்ஷு முழிச்சுக்கிட்டா."

பிள்ளை அழ ஆரம்பித்தது. அய்யா என் பக்கம் திரும்பினார். அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்கு முன்னே நான் பார்த்ததில்லை.

"அது இங்கிலீசுல கேட்ட கதை. இங்கிலீசுலதான் தூங்கும். அதுவும் வெறும் வரி ஆவாது. கதையச் சொல்லித்தான் தூங்க வைக்கணும். எழுதும்மா."

"ஜெகதீஷ்ணே," என்றேன். அவனோடு நான் பேசியதே இல்லை. "நேத்து அனுப்புன கதை இருக்கில்ல, யானையும் கேழ்வரகுக் காடும். நட்சத்திரத்துக்குக் கீழ இருக்கிறதை முதல்லேர்ந்து படிங்க. மெதுவாப் படிங்க. கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள நான் புதுசா ஒன்னு அனுப்புறேன். அது வர்றவரைக்கும் முடிச்சிராதீங்க."

பேசுவது யார் என்று அவன் கேட்கவில்லை. படிக்க ஆரம்பித்தான்.

There was a man. He had a field.

"ம்."

நான் என் போனை எடுத்தேன். மூன்றாவது வரி. பத்தே பத்து வார்த்தைக்குள் அடங்குகிற வரி. இதற்குப் போய் இப்படி வேர்க்கிறதே.

The listeners who said mm என்று எழுதினேன். அழித்தேன். அப்படி எழுதினால் மறுபடி பிள்ளைகள்தான் வருவார்கள். அதைத்தானே நான் முதலில் செய்தேன்.

He had a dog. The dog was brown.

"ம்."

Ghost என்று எழுதலாமா? பேய் என்று அய்யா எழுதவில்லை. ரங்கம்மாவும் சொல்லவில்லை. பேர் வைக்காமல்தான் இத்தனை வருஷம் தூங்க வைத்திருக்கிறார்கள். ம் சொன்னவங்க. மரியாதையாக, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. பிள்ளையிலிருந்து அதைப் பிரிக்கவும் வேண்டும், அது கோபப்படவும் கூடாது, எட்டு வயதுப் பிள்ளை பயப்படாமல் படிக்கவும் வேண்டும்.

The Big One came. He ate the ragi.

"ம்."

இப்போது அது போனுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

தர்ஷினியின் அழுகை நின்றுபோனது. ஜெகதீஷின் குரல் நடுங்கிக்கொண்டே பெரியவரைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பியது. அந்த ஆளும் நாயும் வீட்டுக்கு நடந்தார்கள். இன்னும் நாலு வாக்கியம்தான் என்று எனக்குத் தெரியும். எழுதினவள் நான்.

அய்யா போனில் தெரிந்த ஜெகதீஷ் நம்பருக்கு அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமானது.

The teller sleeps, என்றான் ஜெகதீஷ்.

The listeners sleep.

நிறுத்தினான். மூச்சு இழுத்தான்.

And you, our friend who said mm, you sleep too.

ஒன்றும் கேட்கவில்லை.

பால் வண்டி திரும்பிப் போனது. எங்கோ கோழி கூவியது. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஆதவ் புரண்டு படுத்து, தூக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. நல்ல, மனுஷப் பிள்ளையின் சத்தம்.

"நின்னுருச்சுப்பா," என்றான் ஜெகதீஷ்.

"ஆய்த்து," என்றார் அய்யா. அலுத்துப்போனால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "ஆய்த்துப்பா. போய்ப் படு."

நான் மாடிக்குப் போய் ஷூவைக்கூடக் கழற்றாமல் விழுந்தேன்.

பிறகு ஜெகதீஷ் கதையை நிறுத்தச் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். நிறுத்தினால் அது விழித்துக்கொள்ளுமோ என்று பயம் போலிருக்கிறது. தினமும் மூன்று வரியோடு கதை போனது. ஒட்டுவதை நான் விட்டேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசி வரியைப் புதிதாகத் தட்டினேன். அங்கே எல்லாம் அமைதி.

இங்கேயும் அமைதிதான். அய்யா படிக்கும்போது நிறுத்துகிற இடங்களில் இப்போது ஒன்றுமே கேட்பதில்லை. அவர் நிறுத்துவார், கொஞ்சம் காத்திருப்பார், அப்புறம் தொடர்வார். ஒருநாள் மனசு பொறுக்காமல் நானே ம் கொட்டினேன். அவர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"அது அங்கியே தங்கிருச்சு போல," என்றார். "ரங்கம்மா போன பெறகு எனக்கு ம் சொல்ல அது ஒன்னுதான் இருந்துச்சு." பிறகு, "இருக்கட்டும், புள்ளைங்க கூட இருக்கட்டும். தூங்கினா ஒன்னும் பண்ணாது," என்று அவரே சொல்லிக்கொண்டார். பாவம் என்று இருந்தது எனக்கு. பயமாகவும் இருந்தது.

மாசி பிறந்து பனி குறைந்த பிறகு, ஒரு காலையில் அவர் என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும்.

"பாப்பா எனக்குக் கதை எழுதியிருக்குது. இங்கிலீசுல. இப்ப நீ தமிழாக்கி எனக்குப் படிச்சுக் காட்டு."

வாங்கிப் பார்த்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. என்னிடம் கற்ற நடை அது, என்னிடமிருந்துதான் கற்றது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தாத்தாதான் இங்கிலீஷிலும் எழுதுகிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஜெகதீஷும் அந்த ராத்திரியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று அய்யா சொல்லியிருந்தார்.

ஒரு நாய்க்குட்டி ஸ்கூலுக்குப் போகிற கதை. நடுநடுவே தனி வரியில் mm. அய்யா ஒவ்வொரு இடத்திலும் தலையாட்டி ம் கொட்டினார். குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிக்கு வந்தேன்.

"சொன்னவங்க தூங்கியாச்சு," என்று படித்தேன். "கேட்டவங்க தூங்கியாச்சு. ம் சொன்னவங்களும் தூங்கியாச்சு."

"சபாஷ்," என்றார் அய்யா. "ஒன்னுகூட விடல பாரு."

நான் போனைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஒரு வரி இருந்தது.

விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நாய்க்குட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எளிமையாக முடிந்திருக்கும். அய்யா சந்தோஷமாக இருந்தார். என் கை அந்த வரியைத் தாண்டிப் போகப் பார்த்தது. ஆனால் ஒரு தடவை விட்டவள் இரண்டாவது தடவை எப்படி விடுவது?

"இன்னொன்னு இருக்குங்கய்யா."

"படி."

"படிக்கட்டுல ஒக்காந்து என்னை விட்டுட்ட அத்தை மட்டும் இன்னும் தூங்கல."

அய்யா நான் உட்கார்ந்திருந்த படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, உள்ளே போய்விட்டார்.

நான் மாடிக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குவதற்கென்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதை விலக்கிவிட்டு, வெயில் முகத்தில் விழப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. கண் மட்டும் மூடமாட்டேன் என்றது. மத்தியானம்வரை அப்படியே கிடந்தேன்.

கடைசியில் பொறுக்கமுடியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வாய்விட்டுச் சொன்னேன்.

"சொன்னவங்க தூங்கியாச்சு."

ஒன்றும் இல்லை.

"கேட்டவங்க தூங்கியாச்சு. ம் சொன்னவங்களும் தூங்கியாச்சு."

ஒன்றும் இல்லை. தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துப் போனது. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"மாத்தி எழுதினவளும் தூங்கியாச்சு," என்றேன்.

"ம்," என்றது, என் தலையணைப் பக்கத்திலிருந்து.